ஒரு சாண் முடியும் நாலு சொல்லும்

பிளண்ட் என்றால் மொட்டை என்று பொருள் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் இந்தப் பழியைக் கட்ட வழியில்லை. காய் நறுக்கும் கத்தி மழுங்கினால் மொட்டைக் கத்தி. எழுதி எழுதித் தேய்ந்தால் மொட்டைப் பென்சில். கையெழுத்தில்லாமல் வந்தால் மொட்டைக் கடிதாசி. உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் நான். புதுச் சொல் ஒன்று தெருவில் போனால் வாலைப் பிடித்துத் தமிழுக்குள் இழுத்துப் போடாமல் இருக்க முடிவதில்லை. அன்றைக்கும் இழுத்தேன். அது நேராக என் மதினியின் தலையில் போய் விழுந்தது.

மதினி என் அண்ணன் மனைவி, என்னைவிட மூன்று வயது மூத்தவர். சின்னமனூரில் அண்ணனின் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் வீடு. மதினி பிறந்தது மேகமலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில். கல்யாணமாகிக் கீழே இறங்குகிற வரை கொழுந்து பறித்தவர். இப்போதும் கடையில் கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்தால் விரல்கள் தாமாகவே நுனியைத் தேடிப் போகும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணனுக்கு மதுரையில் இதய ஆபரேசன் நடந்தது. ஆபரேசன் தியேட்டர் வாசலில் நாங்களெல்லாம் அழுதுகொண்டு நின்றபோது மதினி மட்டும் அழவில்லை. சேலை முந்தியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அண்ணன் நடந்தே வீட்டுப்படி ஏறிய மூன்றாவது வாரம், வீரபாண்டி ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்டபடி இடுப்பு வரை கிடந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தார். சந்தனம் பூசிய தலையோடு மாடிப்படியில் நின்று, "காத்து நேரா மூளைக்குள்ள போகுதுத்தா. நீயும் ஒருக்கப் போட்டுப் பாரேன்" என்று என்னிடம் சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தலைக்குக் கனமில்லை என்பதை அவர் அத்தனை வியப்போடு சொன்னார்.

பதினாறு மாதம் ஓடிப்போனது. முடி வளர்ந்தது. வளர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது நெல் மாதிரி, சோளம் மாதிரி, கடைசியில் எங்கள் வீட்டுப் பின்னால் கேட்பாரில்லாமல் நிற்கும் எலுமிச்சம்புல் மாதிரி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கோலத்தில் வளர்ந்தது. பதினாறாம் மாதம் தலையில் எங்கே தொட்டு அளந்தாலும் ஒரு சாண். உச்சியிலும் ஒரு சாண், பிடரியிலும் ஒரு சாண். உச்சியில் முளைத்த சாண் காதுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடும். பிடரியில் முளைத்த சாண் தோளைத் தாண்டி முதுகைத் தொடும். மேலே கோழி அடைகாப்பது போல ஒரு குவியல், கீழே அந்தக் கோழியின் வால். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் மதினி, "என்னம்மோ ரெண்டு பேரு சேந்து ஒரு தலைய வளக்குற மாதிரி இருக்கு" என்பார்.

நடுவில் சவுரி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தார். மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து. பந்தியில் குனிந்து அப்பளம் வைத்தபோது சவுரி பூவோடு கழன்று ஒரு பெரியவரின் இலையோரம் விழுந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் இலையை மறைத்து, "இது வேணாம்த்தா, வயிறு நெறஞ்சிருச்சு" என்றார். அன்றோடு சவுரி பரணுக்குப் போனது. "இனிமே என் முடியில நிக்கிற பூதான் பூ" என்று மதினி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மகளுக்கு இடம் அமைந்தது. பெண் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு போடியில். நிச்சயத்துக்கு இருபது நாள் இருந்தது. எங்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைத்த கையோடு, பெண்ணைப் பெற்றவளுக்கும் தன் கையால் பூ வைத்துவிடுவார். சம்பந்தம் ஆனதற்கு அதுதான் அடையாளம். மதினிக்கு மற்ற எந்தக் கவலையும் இல்லை. பந்தல், சாப்பாடு, சேலை எல்லாம் அண்ணன் பாடு. அந்த அம்மா வைக்கிற பூ தன் தலையில் நிற்க வேண்டும், நழுவி விழக் கூடாது. அந்த ஒன்றுதான். ஆத்தாவுக்குக் கொடுத்த முடி திரும்பி வந்து முதல் பூவைத் தாங்குகிற நாள் அது.

மகள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கூடவே ஒரு குரல் செய்தி: "அம்மா, இப்பிடியே வந்து நின்னுறாத. தேனியில நல்ல பார்லர் இருக்கு, போன் பண்ணி லாப் வெட்டணும்னு புக் பண்ணு."

மதினி அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

"லேப்பா? ரத்தம் எடுக்கிற லேப்பாத்தா?"

"லேப் இல்ல மதினி, லாப்."

"லாபம்னு சொல்ல வந்து பாதியில நிறுத்திட்டாளோ?"

படத்தில் இருந்த பெண்ணுக்கு முடி கழுத்தெலும்பு வரை நேராக இறங்கி நின்றது. முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பூ வைப்பது பின்பக்கம் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மறுமுனையில் ஒரு இளம் குரல், சந்தைக்கடை வேகத்தில்.

"சொல்லுங்கக்கா, ஹேர் கட்டா? என்ன கட்டு? லாபா, ஷாகா, பிளண்டா, கிராஜுவேட்டட் லேயரா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் நுனி வெட்டுதலும், என் கல்லூரி நாளில் எல்லோரும் வெட்டிக்கொண்ட ஸ்டெப் கட்டும்தான். லாப் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் குரலே, "லாப்னா முடி எவ்ளோ இருக்குக்கா இப்ப?" என்றது.

"ஒரு சாண்" என்றார் மதினி பக்கத்திலிருந்து.

"அப்ப லாப் கஷ்டம்க்கா. மத்ததுல எது?"

ஷாக் என்றதும் மதினி கையை உதறினார். "கரண்டு சமாச்சாரமெல்லாம் வேணாம். கடையில ஒருக்க ப்ரிட்ஜு அடிச்சே இன்னும் மறக்கல."

மிச்சம் இரண்டு. இங்கேதான் தமிழாசிரியை உள்ளே நுழைந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிளண்டுன்னா மொட்டை மதினி. மொட்டைக் கத்தி இருக்குல்ல, அந்த பிளண்ட்" என்றேன்.

மதினியின் கை தானாகத் தலைக்குப் போனது. "ஆத்தாடி! மறுபடியுமா? அதுக்கு வீரபாண்டிக்கே போயிருவனே, தேனிக்கு எதுக்கு?"

"கிராஜுவேட்டட்னா படிப்படியா. அதுதான் பதமா இருக்கும். படிப்படியா, மெல்ல மெல்ல..."

"எனக்குத் தெரிஞ்ச கிராஜுவேட்டு நீதான். நான் பத்தாப்புல கணக்குல கோட்டை விட்டவ. குடுப்பாகளா?"

"வெட்டத்தான மதினி போறோம், பட்டம் வாங்கவா?"

போனைத் திறந்து, "கிராஜுவேட்டட்" என்றேன், ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக. சனிக்கிழமை பதினொரு மணி. பெயர் எழுதிக்கொண்டார்கள். நான்கு சொற்களில் மூன்றைத் தள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்த பெருமிதத்தில் அன்றைக்கு எனக்குக் காப்பி கூடுதலாக இனித்தது.

சனிக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து நான் ஏறி வந்த பஸ்ஸில் சின்னமனூரில் மதினி ஏறிக்கொண்டார். வெயில் இன்னும் மூர்க்கமாகவில்லை. தென்னையும் வாழையும் ஜன்னலில் பின்னோடின. மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் நாங்கள். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு வகிடு என்று எனக்குத் தோன்றும். யாரோ ஒரு பெரிய சீப்பால் மலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு ஆற்றுக்கு வழி விட்டது போல. அதை மதினியிடம் சொன்னேன்.

"தலைக்குப் போறப்ப மலையில வகிடு தேடு. ஒனக்கு ஒரு எடத்துல உக்காந்தா ஆகாது" என்றார்.

வீரபாண்டி வந்ததும் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார். உதடு அசைந்தது. "என்ன கேட்டீக?" என்றேன்.

"கேக்கல. சொன்னேன். குடுத்தத எடுத்துக்கிட்ட, வளந்தத நான் வச்சிருக்கேன், இதுல யாரும் கை வைக்காமப் பாத்துக்கன்னேன்."

கை வைக்கத்தானே போகிறோம் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பார்லர் தேனியில் கம்பம் ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. ஏசியும் ஷாம்பூ வாசமும் கலந்த குளிர். வெட்டுகிற பெண் முப்பது வயதிருக்கும். கூடலூர்க்காரி, கோட்டயத்தில் படித்துத் தொழில் கற்றவள். அதனால் பேச்சில் அவ்வப்போது மலையாளம் எட்டிப் பார்த்தது. போனில் பேசியவள் வேறொருத்தி. அவள் வாசல் மேசையில் இருந்தாள். அவள் எழுதி வைத்த சீட்டைப் பார்த்துவிட்டுக் கூடலூர்ப் பெண் தலையாட்டினாள். "கிராஜுவேஷன். சரிக்கா, வாங்க."

முடியை அலசி, துவட்டி, மதினியைக் கறுப்புத் துணிக்குள் உட்காரவைத்தாள். துணிக்கு மேல் தலை மட்டும் தெரிந்த மதினியைக் கண்ணாடியில் பார்த்து நான் கண்ணடித்தேன். அந்தப் பெண் ஈர முடியை வகிடு வகிடாகப் பிரித்து, உச்சியையும் பக்கங்களையும் கிளிப்பால் தூக்கிக் குத்தினாள். அடியில் பிடரி முடி மட்டும் ஒரு பட்டையாகத் தொங்கியது. அதைச் சீப்பால் வாரி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கழுத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்வாகத் தூக்கினாள். கத்தரிக்கோல் கழுத்தோரம், மயிர்க்காலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வந்து நின்றது.

நான் ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படிப்படியாகத்தானே வெட்டப் போகிறாள் என்று இருந்தேன்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து பிடரியை அப்படியே பொத்திக்கொண்டது.

"ஏம்மா, நில்லு. கவாத்த எங்கன இருந்து ஆரம்பிக்கிற?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "என்ன சேச்சி?"

"கவாத்துத்தா. தேயிலச் செடிய வெட்டுவாகள்ல. ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு எடத்துல வெட்டு விழும். நீ அடியில கொண்டு போயி வச்சிருக்கியே?"

"ஆமா சேச்சி, கிராஜுவேஷன் கீழ இருந்துதான். கழுத்துக்கிட்ட ரொம்பக் குட்டை, மேல வர வரக் கொஞ்சம் கொஞ்சமா நீளம். பின்னாடி அடுக்கி வச்ச மாதிரி நல்லா உப்பி நிக்கும். பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

"பேடியெல்லாம் இல்ல. இங்கன இருக்கிறத எடுத்துட்டா பூவ எங்கன வைக்க?"

கத்தரிக்கோல் இறங்கியது. "பூ வைக்கணுமா? புக் பண்றப்ப சொல்லலையே."

கண்ணாடியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசல் மேசைப் பெண்ணையும் சேர்த்தால் மூன்று. நான் பத்திரிகையை மூடினேன்.

"படிப்படியான்னு நெனச்சேன்" என்றேன்.

"படிப்படியாதான் டீச்சர்" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும் போல. "ஆனா எந்தப் படி குட்டை, எது நீளம்னு கேக்கணும்ல."

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் போதும் என்று நம்பி இருபது வருடம் பிழைத்துவிட்டேன். பொருள் தெரிந்தும் திசை தெரியாமல் போகும் என்பதை ஒரு கறுப்புத் துணிக்குள்ளிருந்து நீண்ட கை சொல்லிக் காட்டியது. அந்தக் கை இன்னும் பிடரியை விட்டு இறங்கவில்லை.

"சரி சேச்சி, ஒண்ணும் வெட்டல. பாருங்க" என்று அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சீப்பை எடுத்து மதினியின் தலையிலேயே காட்டினாள். கிளிப்புகளைக் கழற்றி, முடியைத் தூக்காமல் நேராகக் கீழே வாரினாள். சீப்பைத் தாடைக்கு நேராகக் குறுக்கே பிடித்தாள். "இப்பிடித் தூக்காம, தொங்கவிட்டு, ஒரே கோட்டுல வெட்டினா பிளண்ட். நுனி எல்லாம் ஒரே எடத்துல நிக்கும். முடி அடர்த்தியாத் தெரியும்."

"மொட்டை இல்லையா?" என்றேன், குரல் எனக்கே கேட்காமல்.

"யாரு சொன்னா மொட்டைன்னு?"

"எங்க டீச்சரம்மா" என்றார் மதினி. "மொட்டக் கடிதாசி எழுதுறவக மாதிரி சொல்லிப்புட்டு அங்கிட்டு உக்காந்திருக்கா பாரு." வாசல் மேசைப் பெண் குனிந்து சிரித்தாள். மதினி தொடர்ந்தார்: "பிளண்டு எனக்குப் புரிஞ்சிருச்சு. மட்டம். கொழுந்து எடுக்கிறப்ப செடி மேல குச்சிய வச்சு மட்டம் பாப்போம். குச்சிக்கு மேல தலை நீட்டுறத எல்லாம் எடுத்தா செடி மேசை மாதிரி இருக்கும். அதானே?"

"அதேதான் சேச்சி! அதையே தலகீழா நெனச்சுக்கங்க."

"அப்ப லாபு?"

"லாப்ங்கிறது லாங் பாப். அந்த மட்டத்தத் தாடையில வைக்காம கழுத்தெலும்புல வச்சா லாப். ஆனா உச்சி முடியும் கழுத்தெலும்பு வரைக்கும் எறங்கி வரணும். உங்க உச்சி முடி காதத் தாண்டித்தானே நிக்குது? அது வந்து சேர இன்னும் ஒரு வருசமாவது ஆகும்."

எனக்கு அப்போதுதான் அது விளங்கியது. மதினியின் முடி எல்லாம் ஒரே நீளம். ஆனால் ஒரே மட்டமில்லை. உருண்டைத் தலையில் எங்கும் ஒரு சாண் முளைத்தால் நுனிகள் வெவ்வேறு படியில் வந்துதான் நிற்கும். ஒரே மட்டம் வேண்டுமென்றால் நீளங்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். சமமும் மட்டமும் ஒன்றல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று எங்கோ ஓடிய மனசை இழுத்துப் பிடித்து உட்காரவைத்தேன்.

"கிராஜுவேட்டட் லேயர்னு இன்னொண்ணும் சொல்லுவாங்க" என்றாள் அந்தப் பெண். "நீள முடிக்காரவங்களுக்கு முன்னாடி தாடையில இருந்து பின்னாடி முதுகு வரைக்கும் சரிவா எறக்குறது. டீச்சர் நெனச்சது அதா இருக்கும். ஒரு கடையில ஒண்ணு, இன்னொரு கடையில இன்னொண்ணு. பேரு ஒண்ணுதான். அதான் சொல்றேன், போன்ல பேர மட்டும் சொல்லாதீங்க. எது வரைக்கும் நிக்கணும், எந்த முடி குறையணும், கட்டணுமா கட்ட வேணாமான்னு சொல்லுங்க. படம் அனுப்பினா பின்பக்கமும் அனுப்புங்க."

மகள் அனுப்பிய, முன்பக்கம் மட்டும் இருந்த அந்தப் படம் எனக்கு நினைவு வந்தது.

"மிச்சம் ஒண்ணு இருக்கே, கரண்டு" என்றார் மதினி.

"ஷாக். முடிய மேல தூக்கித் தூக்கி வெட்டுறது. உச்சியில குட்டை, கீழ வர வர நீளம். கிராஜுவேஷனுக்குத் தலகீழ். நெத்தியில கொஞ்சம் விழுற மாதிரி வெட்டிவிடுவோம். கலைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அளவா இருக்கும். கீழ் நீளத்துல கை வைக்க வேண்டியதில்ல."

மதினி கண்ணாடியில் தன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மேலே குவியல், கீழே வால்.

"உச்சியில குட்டை, கீழ நீளம். ஏத்தா, இது இப்பவே என் தலையில இருக்கே! ஆத்தா எனக்கு ஷாக்குதான் வெட்டி அனுப்பியிருக்கா. நாந்தான் தெரியாம ஒரு வருசமாத் தலைய மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

பார்லரே சிரித்தது. கூடலூர்ப் பெண் சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "சத்தியம் சேச்சி. மொட்டையில இருந்து வளர்ற முடி பாதி ஷாக்தான். மீதிய நான் ஒழுங்கு பண்ணிவிட்டாப் போதும்."

"கவாத்து பண்ணாத மாதிரியே ஒரு கவாத்து. அதான?"

"அதான்."

ஆனாலும் மதினியின் கை பிடரியை விட்டு இறங்கவில்லை. சொன்னது எல்லாம் சரி; பூ நிற்குமா? அதை எந்தச் சொல்லும் சொல்லிவிட முடியாது. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கீழ போயி ஒரு முழம் மல்லி வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"பின்ன? படிப்படியா எறங்கிப் போ."

இறங்கினேன். பூக்காரம்மா நெருக்கமாகத் தொடுத்திருந்ததைத் தள்ளிவிட்டு இன்னும் நெருக்கமாக இருந்ததைக் கேட்டு வாங்கினேன். கனமான பூவாகவே இருக்கட்டும், சோதனை என்றால் சோதனையாக இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. வாழையிலைத் துண்டில் மடித்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தபோது பிடரி முடியை அந்தப் பெண் காயவைத்துத் தயாராக வைத்திருந்தாள். அதைத் தனியாகச் சேர்த்துச் சின்ன ரப்பர் பேண்டு போட்டாள். முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு குட்டி வால். அதன் மேல் பூவை இரண்டாக மடித்து வளைத்து இரண்டு கொண்டை ஊசி குத்தினாள்.

"ஆட்டுங்க சேச்சி."

மதினி தலையை ஆட்டினார். முதலில் மரியாதையாக. பிறகு சாமி வந்தது போல. கறுப்புத் துணி பறந்தது. பூ நின்றது.

"குனியுங்க மதினி" என்றேன். "அப்பளம் வைக்கிற மாதிரி."

அவர் நாற்காலியிலிருந்தபடியே குனிந்து இல்லாத இலைக்கு இல்லாத அப்பளம் வைத்தார். பூ நின்றது.

"இப்ப வெட்டு" என்றார். "பூவ எடுக்காத. அது இருக்கட்டும். அதுக்கு மேல என்ன வேணாலும் பண்ணிக்க."

கண்ணால் கண்டிருக்காவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். தலையில் பூ வைத்துக்கொண்டே ஒருவர் முடி வெட்டிக்கொள்வதை அந்தப் பெண்ணும் அதற்கு முன் பார்த்ததில்லையாம். உச்சியை மறுபடி நனைத்து, தூக்கித் தூக்கி, விரல் நுனியளவு விரல் நுனியளவாக எடுத்தாள். கோழி எழுந்து போனது. காதோரம் தொங்கிய கற்றையைக் கன்னத்துக்குச் சரித்தாள். நெற்றியில் ஒரு மெல்லிய திரை விழுந்தது. மதினி அதன் வழியாகத் தன்னையே புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் பூவைப் பதமாக எடுத்து என் கையில் தந்துவிட்டு, பிடரி முடியைத் தொங்கவிட்டுச் சீப்பை அடியில் குறுக்கே வைத்தாள்.

"ஷாக்குக்கு நுனியையும் கொத்திக் கொத்தி மெலிசாக்குவோம். உங்களுக்கு வேணாம். மெலிசானா ரப்பர் பேண்டு வழுக்கும். அடியில மட்டும் ஒரு நகக்கண் அளவு மட்டமா வெட்டி விடுறேன். பிளண்டா."

கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வெட்டு வெட்டு" என்றார் மதினி. "எங்க டீச்சருக்கும் ஒரு மொட்டை போட்டு விடு."

கிளிப்பிலிருந்து விடுபட்ட முடி தலையைச் சுற்றி இறங்கியபோது, மதினி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வாசல் மேசைப் பெண், "அக்கா, நீங்க ஸ்கூட்டில வந்தீங்களா?" என்றாள். என்ன அர்த்தத்தில் கேட்டாள் என்று தெரியாது. அதை மதினி, ஸ்கூட்டி ஓட்டுகிற சின்ன வயசுக்காரி போலத் தெரிகிறோம் என்று, வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்று வரை சொல்கிறார்.

நிச்சயத்தன்று மகள் காலையிலேயே வந்து அம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நான் லாப்தானம்மா சொன்னேன்?" என்றாள்.

"அது விளைய இன்னும் ஒரு வருசம் ஆகும். இது ஷாக்கு. கீழ பிளண்டு."

மகள் என்னைப் பார்த்தாள். "அத்தை, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு அடுத்த மாதம் எனக்காக அதே கடைக்குப் போன் போட்டபோது, கட்டின் பெயர் எதையும் சொல்லவில்லை. "தோளைத் தொட வேண்டும், ஒரே மட்டம், கட்ட வேண்டும்" என்று மூன்று துண்டாகச் சொன்னேன். "பிளண்ட் லாப்தானே டீச்சர்?" என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

நிச்சயத்தன்று போடிக்காரர்கள் தட்டுகளோடு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பேசினார்கள், தட்டு மாற்றினார்கள். பெண்ணுக்குப் பூ வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமானவர், கையும் அப்படித்தான். சரம் சரமாக மல்லியும் நடுவில் கனகாம்பரமுமாக, நான் வாங்கிய முழத்தைப் போல இரண்டு மடங்கு கனத்தை எடுத்துக்கொண்டு மதினியின் பின்னால் வந்து நின்றார். கொண்டை ஊசி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் என் தலையிலிருந்து இரண்டு ஊசியை உருவி அவர் கையில் திணித்தேன். மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

ஊசி ஏறியது. கை விலகியது.

"நல்லா நெருக்கமா இருக்கே முடி" என்றார் அந்த அம்மா. "என்ன கட்டு இது?"

"ஷாக்குங்க" என்றார் மதினி.

"அய்யய்யோ, எப்ப? எங்கன அடிச்சுச்சு?"

சிரிப்பு அடங்க நேரமானது. அந்த நேரத்தில் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்க உள்ளே வந்த அண்ணன், காதோரம் முடி சரிய, முதுகு காட்டி நின்றவரைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அத்தனை பூவும் புதுச் சேலையுமாகப் பின்னாலிருந்து பார்த்ததில், போடிக்காரர்களில் யாரோ என்று நினைத்துவிட்டார்.

மதினி சட்டெனத் திரும்பினார், முழுத் தலையையும் வீசி. பூச்சரம் ஒரு சுற்றுச் சுற்றித் தோளில் வந்து மோதியது. நான் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். ஏந்திய கையில் ஒன்றும் விழவில்லை.